காதால் வாசிக்கப்படும் நடவடிக்கைக் குறிப்பு



பங்குப் பேரவையாயினும், நிதிக் குழுவாயினும், அன்பியப் பொறுப்பாளர் கூட்டமாயினும், செபத்திற்குப் பின் முதலில் நடைபெறுவது முந்திய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பினை வாசித்து உறுதி செய்தலே. செயலர் வாசிப்பார், தலைவர், "திருத்தம் ஏதேனும் உண்டா?" எனக் கேட்பார், எவரும் எதுவும் கூறாவிடில் கையொப்பம் இடப்படும். கையொப்பம் இட்டபின் அதுவே ஆவணம். யார் எதைச் செய்வதாக ஏற்றார், எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, யார் மறுப்புத் தெரிவித்தார் என்பதற்கெல்லாம் பிற்காலத்தில் அதுவே சாட்சி.

இக்காலத்தில் பல பங்குகளில் செயலர் குறிப்பினைத் தட்டச்சு செய்து, கூட்டத்திற்கு முன்னரே உறுப்பினர் அனைவருக்கும் கைப்பேசி வழியாக அனுப்பிவிடுகிறார். "எல்லாரும் பார்த்திருப்பீர்கள், வாசித்ததாகக் கொள்ளலாமா?" என்று கேட்டு, வாசிக்காமலே உறுதி செய்துவிடும் வழக்கமும் உண்டாகிவிட்டது. நேரம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் பேரவையில் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் இருந்தால், அவர் நிலை யாது? முன்பு செயலர் உரக்க வாசித்தபோது மற்றவர்களுக்கு ஒப்ப அவரும் கேட்டார். பிழை கண்ட இடத்தில் கை உயர்த்தினார். இப்பொழுதோ தாம் அறியாத ஒன்றுக்கு இசைவு தெரிவித்தவராக ஆகிறார். இத்திங்கள் நாம் ஆராய விரும்புவது இந்தச் சிறிய, ஆனால் நியாயம் சார்ந்த பொருளையே. குறிப்பினை எவ்வாறு அமைத்தால் பார்வையற்றவர் பிறர் துணையின்றித் தாமே அதனை வாசித்தறியக் கூடும்?

நம் புதுச்சேரி மக்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டுவது இங்குப் பொருந்தும். பிரெஞ்சு ஆட்சிக் கால அலுவலகங்களில் நடவடிக்கைக் குறிப்பிற்கு வழங்கிய பெயர் 'ப்ரோசே வெர்பால்' என்பதாகும். அதன் இரண்டாம் சொல்லுக்கு 'வாய்மொழியான' என்பது பொருள். ஆகக் குறிப்பு என்பது வாயால் சொல்லிச் செவியால் கேட்கப்படுவது என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. அதனை மீண்டும் செவிக்கு உரியதாக்குவதே நாம் கூற வருவது.

உருவமும் குறியும்

பார்வையற்றோர் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் பயன்படுத்துவது 'திரைவாசிப்பான்' என்னும் மென்பொருள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்வது அதன் பணி. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய NVDA என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ்க் குரலும் அதில் உண்டு. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் TalkBack என்பது முன்னரே அமைந்திருக்கிறது. ஆகவே கருவி இல்லை என்று சொல்வதற்கில்லை. குறை பெரும்பாலும் நாம் அனுப்பும் தாளில்தான் இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள இருநூறு ஆண்டுகள் பின்சென்று பாரிஸ் நகரைப் பார்ப்பது நலம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் வாலந்தேன் அவுய் என்பவர் பார்வையற்ற சிறுவருக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தாளில் எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்டு, அவர்கள் விரலால் தடவி வாசிக்கச் செய்தார். எண்ணம் உயர்ந்தது. ஆனால் அந்த எழுத்துகள், கண்ணுள்ளவர்கள் காணும் அதே எழுத்துகளின் வடிவங்களே. வளைவும் கோடும் கண்ணுக்கு நொடியில் புலப்படும். விரலுக்கோ ஒவ்வொரு எழுத்தையும் சுற்றித் தடவினால்தான் தெரியும். வாசிப்பு மிக மெதுவாகவே நடந்தது.

அப்பள்ளியில் சேர்ந்த லூயி பிரெயில் 1809-இல் பிறந்தவர். மூன்று வயதில், தோல்வேலை செய்யும் தந்தையின் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணிழந்தவர். பின்னாளில் பாரிஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவர் எழுத்தின் உருவத்தையே விட்டுவிட்டார். ஆறு புள்ளிகளை வைத்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி வகுத்து, 1829-இல் அதனை நூலாக வெளியிட்டார். எழுத்தின் தோற்றம் எப்படியிருந்தால் என்ன, விரல் ஒரு தொடுதலில் அறிந்துகொள்ளும் குறி வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

இந்த உருவம், குறி என்னும் வேறுபாடு இன்றும் நம் செயலர்களின் கணினியில் இருந்துகொண்டிருக்கிறது. எவ்வாறெனில், தமிழ்த் தட்டச்சுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களும் அவுய் அவர்களின் புடைப்பெழுத்துகளைப் போன்றவையே. அவை கண்ணுக்கு மட்டும் தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் காணும் சொல் உள்ளே இருப்பது இவ்வாறு:

```
jkpo;
```

'கூட்டம்' என்பது இவ்வாறு:

```
$l;lk;
```

கண்ணுள்ளவருக்கு இதில் எத்தீங்கும் தெரியாது. திரைவாசிப்பான் போர்வையைப் பார்ப்பதில்லை. உள்ளே உள்ளதையே சொல்லும். ஆகப் பார்வையற்ற உறுப்பினர் கேட்பது, 'ஜே, கே, பி, ஓ' போன்ற ஆங்கில எழுத்துகளின் குழப்பமே. மூன்று பக்கக் குறிப்பு முழுவதும் இப்படி ஒலித்தால் அவர் என்ன செய்வார்? நிறுத்திவிடுவார்.

இதற்கு மாற்றாக அமைந்தது யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. அதில் தமிழின் 'த' என்பதற்கு உலகெங்கும் ஒரே எண். எந்த எழுத்துருவில் காட்டினாலும், எந்தக் கணினியில் திறந்தாலும் அது 'த'வே. தமிழ்நாட்டு அரசும் 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. பிரெயிலின் குறி விரலுக்கு எதுவோ, ஒருங்குறி திரைவாசிப்பானுக்கு அது. ஆகவே எளிய எழுத்துரு வேண்டும் என்று கூறுகையில், முதலில் பார்க்க வேண்டியது அழகையன்று. அது ஒருங்குறி எழுத்துருவா என்பதையே. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய மூன்றும் அத்தகையவை, தோற்றத்திலும் எளியவை.

தோற்றம் முற்றிலும் முக்கியமற்றது என்றும் எண்ண வேண்டா. முழுதும் பார்வையிழந்தவருக்கு எழுத்தின் வடிவம் பொருட்டில்லை. ஆயின் கண்புரை, நீரிழிவு, முதுமை ஆகியவற்றால் பார்வை மங்கியவர்களே நம் பங்குகளில் மிகுதி. அவர்களுக்கு அலங்கார எழுத்தும், சாய்வெழுத்தும், வண்ணப் பின்னணியும் இடையூறு. பதினெட்டுப் புள்ளி அளவில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சிட்ட படி அவர்களுக்கு உதவும். ஒருங்குறிக் கோப்பு ஒன்றே இருந்தால் போதும். அதிலிருந்து பெரிய எழுத்துப் படியையும் எடுத்துக்கொள்ளலாம், குரலாகவும் கேட்கலாம்.

நம் கோப்பு எத்தகையது என்று அறிவது எப்படி? ஒரு நிமிடச் சோதனை போதும். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு செய்தியாக ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் ஒருங்குறி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பழைய எழுத்துரு. நகலெடுக்கவே இயலவில்லையெனில் அது எழுத்தன்று, படம். கையால் எழுதிய மினிட்டுப் புத்தகத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புவது இம்மூன்றாம் வகை. திரைவாசிப்பான் அதனைப் 'படம்' என்று சொல்லி நின்றுவிடும்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற NHM Converter போன்ற மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பது இன்றியமையாதது. பாமினியில் 'இ' என்னும் எழுத்து, ஆங்கில விசைப்பலகையின் காற்புள்ளி இருக்கும் இடத்தில் அமைந்துள்ளது. ஆகவே காற்புள்ளியாக எண்ணி அடித்தவையெல்லாம் மாற்றத்திற்குப் பின் 'இ' ஆகிவிடுவதுண்டு. 'செயலர்இ பொருளர்இ உறுப்பினர்கள்' என்று வந்திருந்தால் இதுவே காரணம். இடையில் ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். வங்கியின் பெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தனித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

தலைப்பு என்பது யாது?

எழுத்து சரியானதும் அடுத்த தடை வருகிறது. கண்ணுள்ளவர் நான்கு பக்கக் குறிப்பைக் கையில் எடுத்தவுடன் என்ன செய்கிறார்? பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, தமக்கு வேண்டிய 'கல்லறைத் தோட்டச் சுற்றுச்சுவர்' என்னும் தலைப்பில் கண்ணை நிறுத்துகிறார். தடித்த எழுத்து அவருக்கு வழிகாட்டுகிறது. பார்வையற்றவருக்கு அந்தப் பார்வை ஓட்டம் இல்லை. முதல் வரியிலிருந்து அவர் கேட்கத் தொடங்கினால், வந்திருந்தோர் பெயர்ப் பட்டியல் முழுவதையும் கடந்த பின்பே பொருளுக்கு வர முடியும்.

செயலர் ஒரு வரியைத் தேர்ந்து, தடிப்பாக்கி, பெரிதாக்கி, அடிக்கோடிட்டால் அது தலைப்பாகிவிட்டது என்று நினைக்கிறார். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது கனத்த வரி, அவ்வளவே. இங்கும் உருவமும் குறியும் வேறாகி நிற்பதைக் காண்க. தலைப்பு என்று குறியிட வேண்டும். வேர்டு மென்பொருளில் 'Home' பகுதியில் உள்ள பாணிகளுள் Heading 1, Heading 2 என்பவை இதற்கென்றே உள்ளவை. கூட்டத்தின் பெயருக்கு Heading 1. ஒவ்வொரு பொருளுக்கும் Heading 2. விசைப்பலகையில் Ctrl+Alt+1, Ctrl+Alt+2 என அழுத்தினாலும் அமையும். அவை தரும் நிறமும் அளவும் பிடிக்கவில்லையெனில் பாணியைத் திருத்திக்கொள்ளலாம்; குறி அழியாது.

அவ்வாறு குறியிட்ட குறிப்பைத் திறந்த பார்வையற்ற உறுப்பினர், NVDA-வின் வாசிப்பு நிலைக்குச் சென்று H என்னும் விசையை அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடுத்த தலைப்பு ஒலிக்கும்: "வந்திருந்தோர்", "முந்திய குறிப்பு", "கல்லறைத் தோட்டச் சுற்றுச்சுவர்", "மறைக்கல்வி ஆண்டு விழா", "நிதி நிலை". வேண்டிய இடத்தில் நின்று வாசிப்பார். Insert+F7 அழுத்தினால் தலைப்புகள் முழுவதும் பட்டியலாகவே கிடைக்கும். கண்ணுள்ளவரின் பார்வை ஓட்டத்திற்கு ஈடாக அவருக்கு அமைந்தது இதுவே.

செயலர் தம் வேலையைச் சரிபார்க்கவும் வழியுண்டு. வேர்டில் 'View' பகுதியில் Navigation Pane என்பதைத் திறந்து பாருங்கள். இடப்புறம் உங்கள் தலைப்புகள் வரிசையாகத் தோன்றினால் நன்று. வெறுமையாக இருந்தால், நீங்கள் தலைப்பென்று கருதியவை தடித்த வரிகளே.

தலைப்பின் சொல்லும் கவனிக்கத்தக்கது. 'பொருள் 3', 'பொருள் 4' என்று மட்டும் எழுதினால் பட்டியலைக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'பொருள் 3: கல்லறைத் தோட்டச் சுற்றுச்சுவர்' என்று எழுதுவது நன்று.

அட்டவணையில் வழிதவறுதல்

நடவடிக்கைக் குறிப்பில் மிகுதியாகத் தவறு நேருமிடம் அட்டவணை. தீர்மானங்களைச் செயலர்கள் பெரும்பாலும் நான்கு நெடுவரிசைகளில் தருகின்றனர்: பொருள், தீர்மானம், பொறுப்பு, முடிக்கும் நாள். கண்ணுக்கு இது மிக வசதியானது. செவிக்கு எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

ஒரு பங்குப் பேரவையில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சுவர்ப் பழுது நீக்கம், பொறுப்பு பொருளர், முடிக்கும் நாள் ஜூன் 15. மறைக்கல்வி விழா, பொறுப்பு அருட்சகோதரி, ஜூன் 29. ஆலய ஒலிபெருக்கி மாற்றம், பொறுப்பு பொருளர், ஜூலை 6.

செயலர் உண்மையான அட்டவணை போடாமல், இடைவெளி விசையைப் பலமுறை தட்டிச் சொற்களை நேர்கோட்டில் நிறுத்தியிருக்கிறார். 'சுற்றுச்சுவர்ப் பழுது நீக்கம்' ஒரு வரியில் அடங்காததால் 'நீக்கம்' என்பது அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. தீர்மானத்தின் பிற்பகுதியும் அவ்வாறே இறங்கியது. திரைவாசிப்பான் வரிவரியாக இடமிருந்து வலமாக வாசிக்கும். ஆகவே கேட்பவர் செவியில் விழுவது: "சுற்றுச்சுவர்ப் பழுது மூன்று விலைப்புள்ளி பொருளர் ஜூன் 15 நீக்கம் பெற்றுச் செய்வது." 'பொருளர் ஜூன் 15 நீக்கம்' என்று கேட்டவர் திடுக்கிட மாட்டாரா? வேடிக்கையாகத் தோன்றினும், பொருளரைப் பதவி நீக்கம் செய்ததாக ஒருவர் விளங்கிக்கொள்ள இடமுண்டு.

தீர்வு எளிது. 'Insert' பகுதியில் Table என்பதைக்கொண்டு உண்மையான அட்டவணை இடுங்கள். ஒவ்வொரு கட்டமும் தனித்து நிற்கும். சொல் எத்தனை வரிக்கு இறங்கினாலும் அக்கட்டத்திற்குள்ளேயே இருக்கும். முதல் வரிசையைத் தேர்ந்து, அட்டவணைக்குரிய 'Layout' பகுதியில் Repeat Header Rows என்பதை அழுத்துங்கள். இதுவே தலைப்பு வரிசை என்று கணினிக்கு அறிவிப்பது அது. அட்டவணை அடுத்த பக்கத்திற்குச் சென்றாலும் தலைப்பு அங்கே மீண்டும் அச்சாகும் நன்மையும் உண்டு.

இவ்வாறு அமைந்த அட்டவணையில் பார்வையற்றவர் Ctrl, Alt ஆகிய இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசைகளால் கட்டம் கட்டமாக நகர்வார். வலப்பக்கம் சென்றால் அதே தீர்மானத்தின் அடுத்த செய்தி. கீழே சென்றால் அடுத்த தீர்மானத்தின் அதே செய்தி. 'பொறுப்பு' என்னும் நெடுவரிசையில் கீழே கீழே இறங்கினால், "பொருளர், அருட்சகோதரி, பொருளர்" என்று கேட்டு, பொருளர்மீது இரு பணிகள் உள்ளமையை நொடியில் அறிந்துகொள்வார்.

இங்குச் செயலர்கள் தவிர்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, கட்டங்களை இணைத்தல். பொருளரின் பெயர் பல இடங்களில் வருகிறதே என்று தீர்மானங்களை இடம் மாற்றி, இரு கட்டங்களை ஒன்றாக்கிப் பெயரை நடுவில் எழுதினால் கண்ணுக்கு அழகு. ஆனால் நகர்ந்து செல்பவருக்கு இரண்டாம் வரிசையில் அக்கட்டம் காணாமற்போகும், எண்ணிக்கை பிறழும். பெயரை இருமுறை எழுதுவதே முறை.

இரண்டாவது, மேற்கோட்குறி இட்டு 'மேற்படி' என உணர்த்தும் பழக்கம். நம் கணக்குப் பிள்ளைகளின் நெடுநாள் வழக்கமாகிய இது திரைவாசிப்பானில் ஒலிக்காமலே போகலாம். அல்லது குறியின் பெயர் மட்டும் ஒலிக்கும். வெறுமையாக விட்ட கட்டமும் இத்தகையதே. செய்தி இல்லையா, விடுபட்டதா என்று தெரியாது. 'இல்லை' என்றோ 'முடிவாகவில்லை' என்றோ எழுதுங்கள்.

மூன்றாவது, நிறத்தால் பொருள் உணர்த்துதல். முடியாத பணிகளைச் சிவப்பிலும் முடிந்தவற்றைப் பச்சையிலும் காட்டும் செயலர் உண்டு. நிறத்தைத் திரைவாசிப்பான் இயல்பாகச் சொல்வதில்லை. 'நிலை' என்றொரு நெடுவரிசை சேர்த்து 'முடிந்தது', 'நிலுவை' என்று எழுதிவிட்டால், நிறமும் இருக்கலாம்.

இவை அனைத்தையும்விட நிதி அறிக்கையில் கவனம் கூடுதலாக வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 537-ஆம் சட்டத்தில் ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும் எனப் பணிக்கிறது. அக்குழுவின் அட்டவணையில் வரவு இடப்புறமும் செலவு வலப்புறமுமாக ஒரே அட்டவணைக்குள் அடுத்தடுத்து வைப்பது நம் மரபு. செவிவழிக் கேட்பவருக்கு, "காணிக்கை, 18,400, மின்கட்டணம், 6,250" என்று வரவும் செலவும் பின்னிப் பிணைந்து வரும். வரவுக்கு ஓர் அட்டவணை, செலவுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொன்றிற்கும் மேல் ஒரு தலைப்பு என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. அட்டவணைக்கு முன் ஒரு வாக்கியத்தில், "இம்மாதம் வரவு செலவைவிட 3,200 ரூபாய் மிகுதி" என்று கூறிவிடுவது எல்லாருக்குமே உதவும்.

தேதியையும் தொகையையும் எழுதும் முறையும் காதுக்கேற்றதாக இருக்கட்டும். '12.3.25' என்பது சில குரல்களில் பதின்மப் புள்ளி எண்ணாக ஒலிக்கும். '12 மார்ச் 2025' என எழுதினால் ஐயமில்லை. 'ரூ.12,500/-' என்பதைவிட '12,500 ரூபாய்' நன்று. நம் நகரின் துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி போன்ற பெயர்களைச் சிலர் ரோமன் எழுத்தில் இடையே செருகுகின்றனர். குரல் அங்கே ஆங்கிலத்திற்குத் தாவி, பிரெஞ்சுப் பெயரை ஆங்கில முறையில் உச்சரிக்கும். தமிழெழுத்திலேயே எழுதினால் நம்மவர் வழங்கும் ஒலிக்கு அருகில் நிற்கும்.

எந்த வடிவில் அனுப்புவது?

இவ்வளவும் செய்தபின் பல செயலர்கள் குறிப்பைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகின்றனர். யாரும் மாற்றிவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. ஆனால் அச்சிடும் கட்டளை வழியாக, Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்து பி.டி.எஃப். செய்தால், நாம் இட்ட தலைப்புக் குறிகளும் அட்டவணைக் குறிகளும் அழிந்துபோகும். Save As வழியாகச் சென்று, Options என்பதில் Document structure tags for accessibility என்னும் கட்டத்தில் குறியிட்டுச் செய்தால் அவை நிலைக்கும்.

அப்படிச் செய்தும் தமிழுக்கென ஒரு தனித் தொல்லை உண்டு. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கிறது. ஒருங்குறியில் முதலில் 'க', பின்னர் உயிர்க்குறி என்பதே வரிசை. பி.டி.எஃப். சில வேளைகளில் ஒலி வரிசையை விட்டு, கண்ணுக்குத் தெரியும் வடிவ வரிசையைச் சேமிக்கிறது. அப்பொழுது நகலெடுத்தால் கொம்பு தனியே பிரிந்து முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், குரலும் தடுமாறும். முன்சொன்ன வாட்ஸ்அப் சோதனையை இங்கும் செய்து பாருங்கள். 'கொடி', 'பேரவை', 'வைப்பு' போன்ற சொற்கள் சிதைந்து வந்தால், பார்வையற்ற உறுப்பினருக்கு வேர்டு கோப்பையே அனுப்புங்கள். கையொப்பமிட்ட அச்சுப்படி மினிட்டுப் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருக்க, கோப்பில் எவரேனும் மாற்றுவாரோ என்னும் அச்சத்திற்கு இடமில்லை.

குரலில் பதிவு செய்து அனுப்பினால் போதாதா என்று கேட்போரும் உண்டு. கணினியோ புதுக் கைப்பேசியோ பழகாத முதியவருக்கு அது மிகவும் ஏற்றதே. ஆனால் ஒலிப்பதிவில் நான்காம் பொருளுக்கு நேரே செல்ல இயலாது. ஒரு தொகையைத் தேடவும், பெயரின் எழுத்தைச் சரிபார்க்கவும் வழியில்லை. அதனைக் கோப்புக்குப் பதிலாகக் கொள்ளாமல், கோப்போடு சேர்த்து அனுப்புவது தகும். பார்வையும் செவியும் ஒருங்கே குன்றியவருக்கு இவ்விரண்டும் பயனில்லை. அவர் பிரெயில் அறிந்தவராயின் பிரெயிலில் தான் தர வேண்டும். அதற்கும் ஒருங்குறிக் கோப்பே மூலமாகும். பழைய எழுத்துருவிலிருந்து பிரெயிலுக்கு மாற்றினால் முன்கண்ட குழப்பமே புள்ளிகளாக வரும்.

செயலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குறிப்புகள் அனைத்தையும் இன்றே மாற்ற முனைய வேண்டா. அடுத்த கூட்டத்திற்கென ஒரு வெற்றுக் கோப்பை ஒருமுறை செம்மையாக அமையுங்கள்: ஒருங்குறி எழுத்துரு, குறியிட்ட தலைப்புகள், தலைப்பு வரிசையுள்ள தீர்மான அட்டவணை, வரவுக்கும் செலவுக்கும் தனித்தனி அட்டவணைகள். ஒவ்வொரு மாதமும் அதிலேயே நிரப்பி வாருங்கள். அமைக்க ஒரு மாலைப்பொழுது செல்லும். பின்னர் வேலை கூடாது. நிரப்பிய முதற்கோப்பை உங்கள் பேரவையின் பார்வையற்ற உறுப்பினரிடமே கொடுத்து, எங்கே தடைப்படுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதே இக்கட்டுரையைவிட நம்பத்தக்கது.

அதனைக் கூட்டத்தன்று காலையில் அன்றி, மூன்று நாள் முன்னதாக அனுப்பி வையுங்கள். பிறகு தலைவர், "திருத்தம் ஏதேனும் உண்டா?" என்று கேட்கையில், அவ்வினா அவரையும் நோக்கிக் கேட்கப்பட்டதாக இருக்கும்.